தீர்ப்பு கையில், கம்பெனி காலி: திரையை விலக்கக் கேட்பதா, வேறு வழியில் போவதா?

கம்பெனி மீது வழக்குப் போட்டு ஜெயித்தாயிற்று. பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்துவிட்டது. நிறைவேற்றப் போனால் கம்பெனி பேரில் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கில் சில்லறைதான் கிடக்கிறது, சரக்கு வேறு இடம் போய்விட்டது, வாசலில் புதுப் பெயர்ப்பலகை தொங்குகிறது. அதை நடத்திய ஆள் மட்டும் அதே வாடிக்கையாளர்களோடு அதே தொழிலைச் செய்துகொண்டிருக்கிறார். இந்த நிலையில் கடன் கொடுத்தவர் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி, "கம்பெனித் திரையை விலக்கி அந்த ஆளைப் பிடிக்க முடியாதா?" என்பதுதான்.

கம்பெனி வேறு, அதை நடத்தும் ஆள் வேறு என்று சட்டம் வைத்திருக்கும் தடுப்புதான் அந்தத் திரை. அதை விலக்கச் சில சமயம் முடியும். ஆனால் இருக்கிற வழிகளில் தோற்கும் வாய்ப்பு அதிகம் உள்ள வழி அதுதான். அதே ஆளை, அல்லது அவர் நகர்த்திய சொத்தை எட்ட இன்னும் மூன்று வழிகள் உண்டு: சொத்தை மாற்றிய பரிமாற்றத்தையே ரத்து செய்யக் கேட்கலாம், கம்பெனியைக் கலைப்புக்குக் கொண்டுபோய், அதன் சொத்தைத் திரட்டிப் பங்கிடும் லிக்விடேட்டர் மூலம் இயக்குநர்களைப் பிடிக்கலாம், அந்த ஆள் தானே செய்த தவறுக்காக அவர் மீது நேரடியாக வழக்குப் போடலாம். எந்த வழி என்பதை முடிவு செய்வது கோபமோ கடன் தொகையோ அல்ல. கம்பெனி காலியானது எப்படி, எப்போது, யார் கையால் என்ற மூன்று விவரங்கள்தான்.

தொடக்கப் புள்ளி 1896-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை சொன்ன சாலமன் தீர்ப்பு. அந்தக் கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 ஒரே மனிதரிடம் இருந்தன; மீதி ஆறும் அவருடைய குடும்பத்தாரிடம். அப்படியிருந்தும் கம்பெனியின் கடன் கம்பெனியுடையதுதான், அவருடையது அல்ல என்றார்கள். ஆகவே "எல்லாமே அந்த ஒரு ஆள்தான்" என்று நிரூபிப்பதால் மட்டும் எதுவும் கிடைத்துவிடாது. ஒரே ஆள் நடத்தும் கம்பெனிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்றுதான் அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

ஒரு வழக்கு, இரண்டு முடிவுகள்

மேலே சொன்ன நிலைமை அப்படியே நடந்த ஆங்கில வழக்கு ஒன்று உண்டு: கிரீஸி எதிர் பிரீச்வுட் மோட்டார்ஸ். பிரீச்வுட் வெல்வின் என்ற கம்பெனி தன் பொது மேலாளரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் வழக்குப் போட்டார். 1988 நவம்பர் 30 அன்று வெல்வின் தொழிலை நிறுத்தியது. மறுநாளே அதே ஆட்கள் நடத்திய பிரீச்வுட் மோட்டார்ஸ் அந்த வியாபாரத்தையும் சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. மற்ற கடன்களையெல்லாம் மோட்டார்ஸ் கட்டியது; மேலாளரின் கோரிக்கையை மட்டும் விட்டுவிட்டது. வெல்வின் மீது அவருக்கு 53,835 பவுண்டுக்குத் தீர்ப்புக் கிடைத்தது. வாங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

நீதிமன்றம் திரையை விலக்கியது. வெல்வினின் இடத்தில் மோட்டார்ஸைப் பிரதிவாதியாக நிறுத்தலாம் என்றது. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் 1998-இல் ஆர்ட் எதிர் பெல்ஹேவன் பப்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரீஸி தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டது.

ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி. மேலாளரோடு ஒப்பந்தம் செய்தது வெல்வின். மோட்டார்ஸ் அவருக்கு எதுவும் தரக் கடமைப்பட்டதல்ல. வெல்வினின் சொத்தை உரிய விலை இல்லாமல் வெளியே கொண்டுபோனது தவறுதான். ஆனால் அது முதலில் வெல்வினுக்கு இழைக்கப்பட்ட தவறு. அந்தச் சொத்தைத் திரும்பக் கொண்டுவரச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அப்படி இருக்கும்போது இரண்டு கம்பெனிகளும் ஒன்றே என்று பாவிக்க வேண்டிய அவசியம் இல்லை. சொத்து போனதுதான் பிரச்சினை என்றால் சொத்தின் பின்னால் போக வேண்டும்.

திரையை விலக்கும் வழி: எங்கே பொருந்தும்

ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு இடம் மிகக் குறுகல். இந்த வாதம் வென்ற இரண்டு பழைய வழக்குகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1933-இன் கில்ஃபோர்ட் மோட்டார் வழக்கில், பழைய முதலாளியின் வாடிக்கையாளர்களை இழுக்க மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருந்த நிர்வாக இயக்குநர், வேலையை விட்டபின் ஒரு கம்பெனியை உருவாக்கி அதன் மூலம் இழுத்தார். 1962-இன் ஜோன்ஸ் எதிர் லிப்மன் வழக்கில், வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டவர் மனம் மாறி, தன் கையில் இருந்த ஒரு கம்பெனிக்கு அந்த வீட்டை மாற்றி எழுதிவைத்தார். இரண்டிலும் நீதிமன்றம் மனிதர், கம்பெனி இருவர் மீதும் உத்தரவு போட்டது.

இரண்டிலும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஒரு மனிதருக்குக் கடமை இருக்கிறது. அதிலிருந்து நழுவ அவர் பிறகு ஒரு கம்பெனியை நடுவில் வைக்கிறார். கடன் கொடுத்தவரின் சாதாரண நிலைமை இதற்கு நேர் தலைகீழ். கடமை கம்பெனியுடையது, மனிதர் ஆரம்பத்திலிருந்தே பின்னால் இருக்கிறார். கம்பெனி போட்ட ஒப்பந்தத்தில் அவரையும் ஒரு தரப்பாக்கச் சொல்லிக் கேட்ட வாதத்தை 2013 பிப்ரவரியில் விடிபி எதிர் நியூட்ரிடெக் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் வந்த பிரெஸ்ட் தீர்ப்பு இதை ஒழுங்குபடுத்தியது. விவாகரத்தில் மனைவிக்கு 1.75 கோடி பவுண்டு தர உத்தரவு. ஏழு சொத்துகள் கணவர் கட்டுப்படுத்திய கம்பெனிகளின் பேரில் இருந்தன. திரையை விலக்கி அவற்றை எடுக்க முடியாது என்றது நீதிமன்றம். ஏனென்றால் அந்தக் கம்பெனிகள் அவற்றை வாங்கிக் குவித்தது விவாகரத்துக் கடமையிலிருந்து தப்ப அல்ல, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே. ஆனாலும் ஏழும் மனைவிக்குக் கிடைத்தன. சில சொத்துகள் கம்பெனி தொழிலே தொடங்காத காலத்தில் வந்தவை. சில ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்கு மாற்றப்பட்டவை. பணம் கணவருடையது, கம்பெனி பேருக்குத்தான் வைத்திருக்கிறது, உண்மையான உரிமை அவருடையதே என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. கணவரும் கம்பெனிகளும் ஆவணங்களைக் கொடுக்காமல் இழுத்தடித்ததையும் அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது.

அந்தத் தீர்ப்பில் சம்ப்ஷன் பிரபு ஒரு வேறுபாட்டைச் சொன்னார். உண்மையான ஆள் யார் என்பதைக் கம்பெனி மறைக்கிறது என்றால் நீதிமன்றம் பின்னால் எட்டிப் பார்க்கலாம். அது திரையை விலக்குவதே அல்ல, வெறும் உண்மையைக் கண்டறிவது. ஏற்கெனவே உள்ள கடமையை முறியடிக்கக் கம்பெனியை நடுவில் வைத்தால்தான் திரை விலகும். அதுவும் வேறு பரிகாரம் இல்லாதபோது. மற்ற நீதிபதிகள் சிலர் இவ்வளவு இறுக்கமாகக் கட்ட வேண்டாம் என்று நினைத்தார்கள். ஆனால் நடைமுறையில் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் வாதம் "வேறு பரிகாரம் இருக்கிறதே" என்பதாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இந்தக் கதவு இதைவிட அகலம். பல மாநிலங்களில் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: ஆளும் கம்பெனியும் தனித்தனி என்று சொல்ல முடியாதபடி கலந்துவிட்டன, தனித்தனி என்று விட்டால் மோசடிக்கோ அநீதிக்கோ துணைபோன மாதிரி ஆகும். 1991-இன் சீ-லேண்ட் எதிர் பெப்பர் சோர்ஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். மிளகாய் ஏற்றிவந்த கப்பல் கம்பெனிக்குச் சரக்குக் கட்டணம் 86,767 டாலர் சொச்சம் வரவில்லை. வாங்கிய கம்பெனி கலைந்து கிடந்தது. அதன் முதலாளிக்கு இன்னும் பல கம்பெனிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகம், ஒரே தொலைபேசி. கூட்டம் நடத்தியதில்லை. கம்பெனிகளிடமிருந்து வட்டியில்லாமல் கடன் எடுப்பார். ஜீவனாம்சம், பிள்ளைகளின் படிப்பு, கார் பராமரிப்பு, வளர்ப்புப் பிராணிச் செலவு வரை கம்பெனிக் கணக்கில் போனது.

இவ்வளவு இருந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் பாதி மட்டுமே நிரூபணமானது என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. கடன் வராமல் நிற்பது மட்டும் "அநீதி" ஆகாது, கடன் கொடுத்த எல்லோருக்கும் அது உண்டு என்றது. சீ-லேண்ட் மறுபடி சாட்சியம் வைத்துத்தான் வென்றது. அந்த வெற்றி 1993-இல் உறுதியானது. பெரும்பாலான வழக்குகள் இடறி விழுவது இந்த இரண்டாம் பாதியில்தான். கலப்படக் கணக்குகளைக் கட்டுக்கட்டாகத் தாக்கல் செய்துவிட்டு, அந்தக் கலப்படத்தால்தான் தன் பணம் வரவில்லை என்ற இணைப்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் 1985-இன் எஸ்கார்ட்ஸ் தீர்ப்பு விரிவாகப் பேசியது: சட்டமே விலக்கச் சொல்லும் இடம், மோசடி, வரி அல்லது நலச் சட்டத்தை ஏய்த்தல், பிரிக்க முடியாதபடி பின்னிய கம்பெனிகள் என்று அதன் வரிகள் நீளும். வழக்கறிஞர்கள் மனுவில் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் 2014-இல் பல்வந்த் ராய் சலூஜா எதிர் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரெஸ்ட் தீர்ப்பையும் எடுத்துப் பேசி, திரையை விலக்குவதைக் கட்டுப்பாட்டோடுதான் கையாள வேண்டும் என்றது. எஸ்கார்ட்ஸை மட்டும் காட்டி இதைச் சொல்லாமல் விட்டால் எதிர்த்தரப்பு அதையே எடுத்து வைக்கும்.

பரிமாற்றத்தை ரத்து செய்யும் வழி

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். உங்களுக்கு வரவேண்டியது 100. கம்பெனியின் மொத்தக் கடன் 400. காலியாவதற்கு முன் அதனிடம் இயந்திரமும் சரக்குமாக 90, வசூலாக வேண்டிய பாக்கி 60, ஆக 150 இருந்தது. இவை எல்லாவற்றையும் அதே ஆள் நடத்தும் புதுக் கம்பெனிக்கு 20-க்கு விற்றதாகக் கணக்கு. ஆகவே 130 வெளியே போயிருக்கிறது.

இங்கே திரையை விலக்கத் தேவையே இல்லை. கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைக்காமல் செய்யும் நோக்கத்தோடு குறைந்த விலைக்கு நடந்த பரிமாற்றத்தைத் திருப்பச் சொல்லலாம். இங்கிலாந்தில் இது 1986 திவால் சட்டத்தின் 423-ஆம் பிரிவு. கம்பெனி கலைப்பில் இருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் தானே மனுப் போடலாம். (கலைப்பு தொடங்கிவிட்டால் நீதிமன்ற அனுமதி வேண்டும்.) நிரூபிக்க வேண்டியவை இரண்டு: விலை கணிசமாகக் குறைவு, கடன் கொடுத்தவரின் கைக்கு எட்டாமல் வைப்பது ஒரு நோக்கம். அதுவே முதன்மை நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. "வரிக்காகச் செய்தோம்" என்று இன்னொரு காரணம் சொல்வதால் மட்டும் அவர்கள் தப்பிவிட முடியாது.

கடன்பட்டவர் தனிமனிதராக இருந்து சொத்து அவருடைய கம்பெனியின் பேரில் இருந்தால் என்ன? கம்பெனியின் சொத்து அவருடையதல்ல, ஆகவே பிரிவு பொருந்தாது என்ற வாதம் வெகுகாலம் நடந்தது. 2025 பிப்ரவரியில் எல்-ஹுசைனி எதிர் இன்வெஸ்ட் பேங்க் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. தான் வைத்திருக்கும் கம்பெனியைக் கொண்டு அதன் சொத்தை இலவசமாக மாற்றச் செய்தாலும் 423-ஆம் பிரிவுக்குள் வரும் என்றது. திரையைத் தொடாமலேயே கிடைத்த முடிவு இது.

இந்தியாவில் இதற்கு நிகரான பழைய ஏற்பாடு 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு. இதில் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று, அது அசையாச் சொத்துக்குத்தான். சரக்கும் வசூல் பாக்கியும் அதில் அடங்காது. இரண்டு, ஒரு கடன் கொடுத்தவர் போடும் வழக்கு எல்லாக் கடன் கொடுத்தவர்களின் சார்பிலும் போடப்பட வேண்டும். தன் 100-க்கு மட்டும் வழக்குப் போட்டால் வடிவத்திலேயே அடிபடும்.

இந்த வழியின் உயிர்நாடி மதிப்பீடு. 150 மதிப்பு என்பதை விற்பனை நாளுக்கு முந்தைய ஆண்டறிக்கை, வங்கிக்குக் கொடுத்த சரக்குப் பட்டியல், காப்பீட்டுப் பத்திரத்தில் குறித்த தொகை ஆகியவற்றிலிருந்து எடுக்க வேண்டும். கடன் வாங்கும்போது 90 என்று வங்கியிடம் காட்டிய சரக்கையும் இயந்திரத்தையும் விற்கும்போது 15 என்று காட்டியிருந்தால் அந்த இரண்டு தாள்களும் சேர்ந்தே பாதி வழக்கு. புதுக் கம்பெனி அதை மூன்றாம் ஆளுக்கு நல்ல விலைக்கு விற்று, வாங்கியவர் விவரம் தெரியாதவராக இருந்தால், பொருளைத் திரும்ப வாங்க முடியாது. புதுக் கம்பெனியிடம் பணமாகத்தான் கேட்க வேண்டும். அதனால் இங்கே வேகம் முக்கியம்.

விலை சரியாக இருந்து, வந்த பணம் ஒரு குறிப்பிட்ட பழைய கடனுக்கு மட்டும் போயிருந்தால் இந்த வழி பொதுவாகப் பொருந்தாது. அது ஒருவருக்கு முன்னுரிமை தந்த விவகாரம்; கலைப்புக்குள்தான் கேட்க முடியும்.

கலைப்பும் லிக்விடேட்டரும்

கம்பெனியைக் கலைப்புக்குக் கொண்டுபோனால் நிர்வாகம் இயக்குநர்கள் கையிலிருந்து லிக்விடேட்டருக்கு மாறுகிறது. அவர் கணக்குப் புத்தகங்களை எடுப்பார், வங்கியிடமும் தணிக்கையாளரிடமும் ஆவணம் கேட்பார், இயக்குநர்களை நீதிமன்றம் மூலம் விசாரிப்பார். வெளியிலிருக்கும் கடன் கொடுத்தவருக்கு இந்த அதிகாரம் ஒருநாளும் கிடைக்காது. மோசடி நோக்கத்தோடு தொழில் நடத்தியிருந்தால், அல்லது தப்ப வழியில்லை என்று தெரிந்தும் கடன் ஏற்றிக்கொண்டே போயிருந்தால், இயக்குநர்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கும்படி உத்தரவு வாங்கலாம். இங்கிலாந்தில் அதே 1986 சட்டத்தின் 213, 214 பிரிவுகள். இந்தியாவின் திவால் சட்டத்தில் 66-ஆம் பிரிவு. இந்தியாவில் அந்த மனுவைப் போட வேண்டியவர் திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலர். பொதுவாகக் கடன் கொடுத்தவர் தன் பெயரில் போடுவதில்லை.

குறை பங்கீட்டில் இருக்கிறது. அதே கணக்கில், லிக்விடேட்டர் 130-ஐயும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வழக்குச் செலவும் அவருடைய ஊதியமும் 50 போனால் மீதி 80. அடமானக் கடனோ முன்னுரிமைக் கடனோ இல்லை என்றால் 400-க்கு 80, அதாவது ஐந்தில் ஒன்று. உங்கள் 100-க்கு 20. அடமானம் பெற்ற வங்கி ஒன்று இருந்தால் அதுவும் குறையும். உழைத்துத் துப்பு கொடுத்தவர் நீங்கள் என்பதற்காகப் பங்கு அதிகமாகாது.

இன்னொன்று, லிக்விடேட்டரின் கையில் வழக்கு நடத்தப் பணம் இருக்காது, கம்பெனியே காலி. யாராவது கடன் கொடுத்தவர் முன்பணம் தந்தால்தான் அவர் நகர்வார். அவரை நியமிப்பதில் அந்த ஆளின் உறவினர்களும் சொந்தக் கம்பெனிகளும் "கடன் கொடுத்தவர்களாக" வந்து வாக்களித்தால் விசாரணை அப்படியே தூங்கிவிடும். காலக்கெடுவும் உண்டு. குறைந்த விலைப் பரிமாற்றத்தை லிக்விடேட்டர் தாக்க இங்கிலாந்தில் கலைப்புத் தொடக்கத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்தான். இந்தியாவில் தொடர்புடையவர்களுக்கு இரண்டு ஆண்டு, மற்றவர்களுக்கு ஓராண்டு. விற்பனை நடந்து பதினெட்டு மாதம் ஆகிவிட்டது என்று தெரிந்தால் கலைப்பு மனுவைத் தள்ளிப்போடக் கூடாது.

கடன் பெரிது, மற்ற கடன் கொடுத்தவர்கள் குறைவு, ஆவணம் எதுவும் கையில் இல்லை என்றால் இந்த வழி நல்லது. பலர் நிற்கும் வரிசையில் சிறு கடனோடு நிற்பவருக்குப் பயன் குறைவு.

ஆள் தானே செய்த தவறு

பலர் கவனிக்காமல் விடும் வழி இது. என் கணிப்பில் முதலில் சோதிக்க வேண்டியதும் இதுதான். இயக்குநர் பொய் சொல்லிச் சரக்கோ பணமோ வாங்கியிருந்தால் அந்தப் பொய் அவருடையது. 2002-இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் எதிர் பாகிஸ்தான் நேஷனல் ஷிப்பிங் வழக்கில், கப்பல் ஆவணங்களில் பொய்யான விவரம் கொடுத்துப் பணம் வாங்கிய இயக்குநர் "கம்பெனிக்காகச் செய்தேன்" என்றார். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. ஏமாற்றியவர் அவர், ஆகவே பொறுப்பும் அவருக்கு. எந்தத் திரையும் விலகவில்லை.

கவனக்குறைவு மட்டும் என்றால் நிலைமை வேறு. 1998-இன் வில்லியம்ஸ் எதிர் நேச்சுரல் லைஃப் வழக்கில், கம்பெனி கொடுத்த தவறான லாபக் கணிப்பை நம்பி நட்டப்பட்டவர்கள் நிர்வாக இயக்குநரைப் பிடிக்க முடியவில்லை. அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றதாகக் காட்ட எதுவும் இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது, அவர் சொன்னது பொய் என்று அவருக்கே அப்போது தெரியுமா என்பது. "அடுத்த வாரம் பணம் வருகிறது" என்ற மின்னஞ்சல் மட்டும் போதாது. அதை அனுப்பிய அன்றே வங்கி அவருடைய கடன் வரம்பை நிறுத்திய கடிதம் கையில் கிடைத்தால் போதும்.

தீர்ப்பைச் செல்லாக்காசாக்கச் சொத்தை நகர்த்துவதும் தனித் தவறாகலாம். மாரெக்ஸ் வழக்கு இதற்கு உதாரணம். 2013 ஜூலையில் இரண்டு கம்பெனிகளுக்கு எதிராக மாரெக்ஸுக்கு 55 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பு. அறிவிக்கும் முன் வரைவுத் தீர்ப்பு ரகசியமாக இரு தரப்புக்கும் போனது. அதற்குப் பிறகு, குற்றச்சாட்டின்படி, கம்பெனிகளை நடத்தியவர் 95 லட்சம் டாலருக்கு மேல் லண்டன் கணக்குகளிலிருந்து தன் கட்டுப்பாட்டுக்கு மாற்றினார். ஆகஸ்ட் முடிவில் கம்பெனிகளிடம் சில ஆயிரம் டாலர்தான் மிஞ்சியது. கம்பெனிகள் கலைப்புக்குப் போயின. லிக்விடேட்டர் பணத்தைத் தேட முயலவில்லை. மாரெக்ஸ் நேரடியாக அந்த ஆள் மீது வழக்குப் போட்டது. நட்டம் கம்பெனிக்குத்தான், அதன் வழியாகத்தான் உங்களுக்கு. ஆகவே நீங்கள் கேட்க முடியாது என்றது எதிர்வாதம். 2020 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்தத் தடை பங்குதாரருக்கு மட்டுமே, கடன் கொடுத்தவருக்கு இல்லை என்று வழக்கைத் தொடர அனுமதித்தது.

மேலே சொன்ன 100 கணக்கில் இதன் பயன் தெளிவு. இந்த வழியில் வென்றால் உங்கள் 100-ம் உங்களுக்கு. மற்ற 300-ஓடு பங்கிட வேண்டியதில்லை. ஆனால் தவறான செயலும் எண்ணமும் அந்த ஆளுடையவை என்று காட்ட வேண்டும். மோசடிக் குற்றச்சாட்டை எந்த நாள், எந்தச் சொல், யாரிடம் என்று விவரமாக மனுவில் எழுதாவிட்டால் தொடக்கத்திலேயே தள்ளுபடி ஆகும். செலவுத் தொகையும் தலையில் விழும்.

சொந்த ஜாமீன் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய கணக்குத் திறக்கும் படிவத்தின் பின்பக்கத்தில், கடன் நீட்டிப்புக் கடிதத்தில் ஒரு வரி இருந்தாலும் வழக்கு முழுவதும் மாறிவிடும்.

எதை முதலில் செய்வது

முடிவெடுக்கும் முன் கம்பெனியின் கடைசி இரண்டு ஆண்டு வங்கி அறிக்கை வேண்டும். அதைத் தீர்ப்பு வைத்திருப்பவர் கேட்டு வாங்கலாம். இங்கிலாந்தில் கம்பெனி அதிகாரியை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சொத்து விவரம் கேட்கும் உத்தரவு உண்டு. இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 41 இருக்கிறது. தீர்ப்பு முப்பது நாள் நிறைவேறாமல் கிடந்தால் கம்பெனியின் எந்த அதிகாரியையும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யச் சொல்லலாம். செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே திரைக்குப் போகிறார்கள்.

அறிக்கை வந்ததும் பெரிய தொகை வெளியேறிய நாள்களைக் கடன் உண்டான நாள், வழக்கு நோட்டீஸ் போன நாள், தீர்ப்பு வந்த நாள் ஆகியவற்றோடு ஒரே தாளில் வரிசையாக எழுத வேண்டும். நோட்டீசுக்குப் பிறகு சொத்து புதுக் கம்பெனிக்குக் குறைந்த விலைக்குப் போயிருந்தால் பரிமாற்ற ரத்து முதன்மைக் கோரிக்கை. பணம் நேராக அந்த ஆளின் கைக்குப் போயிருந்தால் அவர் மீதான நேரடி வழக்கு. நோட்டீசுக்கு வெகு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்பட்டிருந்து ஆவணம் போதவில்லை என்றால் கலைப்பு. சொத்து கம்பெனி பேரில் இருந்தும் பணம் கொடுத்தது வேறு ஆள் என்று தெரிந்தால், பிரெஸ்ட் வழக்கில் போல, அது உண்மையில் யாருடையது என்று அறிவிக்கக் கேட்கலாம். அந்த ஆள் தன் சொந்தக் கடமையிலிருந்து தப்பத்தான் கம்பெனியை உருவாக்கினார் என்று தேதிகள் சொன்னால் மட்டும் திரையை விலக்கும் கோரிக்கை முன்னால் வரலாம்.

மற்ற நேரங்களில் அதை மாற்றுக் கோரிக்கையாக, மனுவின் கடைசியில், "மேற்சொன்னவை எதுவும் கிடைக்காத பட்சத்தில்" என்று எழுதுவது சரி. வேறு பரிகாரம் இருக்கிறதே என்ற எதிர்வாதத்துக்கு அந்த வரிசையே பதிலாகிவிடும். மனுவோடு சேர்த்தே சொத்து முடக்க உத்தரவும் கேட்க வேண்டும். பழைய கம்பெனி மீது மட்டுமல்ல, சொத்தை வைத்திருக்கும் புதுக் கம்பெனி மீதும். அதன் மீது இன்னும் தனிக் கோரிக்கை நிரூபணமாகாவிட்டாலும், கடன்பட்டவரின் சொத்து அதன் கையில் இருப்பதாக நம்ப நல்ல காரணம் காட்டினால் ஆங்கில நீதிமன்றங்கள் 1992-இன் சாப்ரா வழக்கிலிருந்து இந்த உத்தரவைத் தருகின்றன. நோட்டீஸ் கொடுக்காமல் ஒருதலையாக இதைக் கேட்கும்போது உங்களுக்குப் பாதகமான விவரத்தையும் நீங்களே சொல்ல வேண்டும். ஒரு பழைய ரசீதை மறைத்தது பின்னால் தெரியவந்தால் உத்தரவு ரத்தாகும். அந்த இடைவெளியில் சொத்து மூன்றாவது கம்பெனிக்குப் போய்விடும்.